நெட் பாஸ் ஆனால் சயின்டிஸ்ட் வேலையா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன், வயது 22. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் காரைக்குடி சிக்ரியில் சயின்டிஸ்ட் வேலை என்று கல்லூரியில் சொல்கிறார்கள். எத்தனை வருடத்தில் வேலை என்று அப்பா கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரிம வேதியியலும் எனக்குச் சுத்தமாக வராது. நான் இதில் இறங்கலாமா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அப்பாவுக்கான பதில். ஜேஆர்எஃப் என்பது வேலை இல்லை. பிஎச்.டி. செய்வதற்கு அரசு தரும் உதவித்தொகை, அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் ஒரு குழு உங்கள் ஆய்வைப் பார்த்து ஒப்புக்கொண்டால் எஸ்ஆர்எஃப் என்று 42,000 (2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை), விடுதி வசதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருடம். ஐந்தாவது வருட முடிவில் பணம் நின்றுவிடும், ஆய்வேடு முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும். சயின்டிஸ்ட் பதவிக்கு ஒவ்வொரு ஆய்வகமும் தனியாக விளம்பரம் கொடுக்கும், அதற்குத் தனியாக விண்ணப்பித்து, நாடு முழுவதிலிருந்தும் வருகிறவர்களோடு நேர்காணலில் உட்கார வேண்டும்.

இதை வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 வயதில் ஜேஆர்எஃப் வாங்கி ஆய்வகத்தில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎச்.டி. முடிய 28 அல்லது 29. வேதியியலில் வெறும் பிஎச்.டி.யோடு சயின்டிஸ்ட் நேர்காணலுக்குப் போகிறவர்கள் உண்டு, ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டிலோ இங்கேயோ இரண்டு வருடம் போஸ்ட்டாக் செய்துவிட்டு வந்திருப்பார்கள், அதனால் நீங்களும் செய்வீர்கள், வயது 31 ஆகிவிடும். சிக்ரி மாதிரி சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் சயின்டிஸ்ட் பதவிக்கு வழக்கமான வயது வரம்பு 32. ஓபிசி இடத்துக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டி இடத்துக்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. நெட் ஜேஆர்எஃப் தேர்வில் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு இருக்கிறதே, அதை நம்பி நிதானமாக இருந்துவிடாதீர்கள், சயின்டிஸ்ட் விளம்பரங்களில் பெண் என்பதற்காக மட்டும் அந்தத் தளர்வு பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே அப்பாவிடம் "23லிருந்து என் செலவுக்கு நானே பார்த்துக்கொள்வேன், நிரந்தர வேலை என்று வந்தால் 30ஐ ஒட்டித்தான், அதுவும் உறுதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு வீட்டில் முகம் சுளித்தால்கூட இப்போதே சுளிக்கட்டும், நாலாவது வருடம் ஆய்வின் நடுவில் அந்தப் பேச்சு வந்தால் தாங்க முடியாது.

அப்பாவுக்கு உடனடி வேலைதான் முக்கியம் என்றால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வேதியியல் எம்.எஸ்சி.யில் 60 சதவீதத்தோடு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் தாண்டினால் ஒரு வருடப் பயிற்சி, பயிற்சியில் தேறினால் சயின்டிஃபிக் ஆபீசர் பதவி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26தான், அதனால் தள்ளிப்போட முடியாது. இரண்டுக்கும் படிப்பது பெரும்பாலும் ஒரே பாடம் என்பதால் நெட்டோடு சேர்த்து இதற்கும் விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, தேர்வுக்கு வருவோம். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், வேதியியல் தாள், மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். 'ஏ' பகுதி பொதுத் திறன், 20 கேள்வியில் 15 எழுதலாம், ஒன்றுக்கு 2. 'பி' பகுதியில் 40ல் 35, ஒன்றுக்கு 2. 'சி' பகுதியில் 60ல் வெறும் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4, அதாவது தாளில் பாதி மதிப்பெண் அங்கேதான். உங்கள் கரிம வேதியியல் பயத்துக்கு மருந்து இந்த 60க்கு 25ல் இருக்கிறது. 'சி' பகுதியில் கரிமத்தை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டு இயற்பியல் வேதியியலிலும் கனிம வேதியியலிலும் 25ஐத் தேற்ற முடியும். ஆனால் 'பி'யில் அந்தச் சலுகை இல்லை, ஐந்து கேள்விதான் விடலாம், அதனால் பெயர் பெற்ற வினைகள், முப்பரிமாண வேதியியலின் அடிப்படை, எளிய என்எம்ஆர் கேள்விகள் வரைக்கும் கரிமம் படித்தே ஆக வேண்டும். ரெட்ரோசிந்தெசிஸ் முழுவதையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை.

தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால்பங்கு கழியும். இதைக் காட்டிப் பயமுறுத்தி, தெரியாததைத் தொடாதே என்று பயிற்சி மையங்களில் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 'சி' பகுதியில் நாலு விடையில் இரண்டு நிச்சயம் தவறு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாகக் கிடைப்பது 2 கழித்தல் 0.5, அதாவது கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் லாபம். ஆகவே ஒரு விடையையாவது தள்ள முடிகிற கேள்வியை விடாதீர்கள். ஒன்றுமே புரியாத கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்க வேண்டாம், ஏனென்றால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் எழுதினால் முதல் 25 மட்டும்தான் திருத்துவார்கள், அங்கே ஓர் இடம் வீணாகும்.

உங்களை மாதிரி ஒருவருக்குக் கணக்கு எப்படி வரும்? 'சி'யில் 20 எழுதி 14 சரி, 6 தவறு என்றால் 56ல் 6 போய் 50. 'பி'யில் 28 எழுதி 20 சரி என்றால் 40ல் 4 போய் 36. 'ஏ'யில் 12 எழுதி 10 சரி என்றால் 19. மொத்தம் 105, அதாவது 52.5 சதவீதம். பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் குறைந்தபட்சம் 33 சதவீதம் என்று அறிவிப்பில் போட்டிருக்கும், அதைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள், ஜேஆர்எஃப் கட்ஆஃப் அதற்கு எவ்வளவோ மேலே நிற்கும். பழைய தாள்களை மூன்று மணி நேரம் வைத்து எழுதி, 100ஐத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். தாண்டவில்லையென்றால் எந்தப் பகுதியில் விழுகிறீர்கள் என்று இந்த மாதிரிப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரிசல்ட் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2024லிருந்து மூன்று வகையாகத் தகுதி தருகிறார்கள்: ஜேஆர்எஃப், ஜேஆர்எஃப் இல்லாமல் உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். முதல் வகைக்கு மட்டும்தான் உதவித்தொகை. "நெட் பாஸ்" என்று மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், மற்ற இரண்டோடு ஆய்வகத்துக்குப் போனால் உங்கள் சம்பளத்துக்கு வழிகாட்டி ஏதாவது திட்டத்திலிருந்து பணம் தேட வேண்டியிருக்கும். ஜேஆர்எஃப் கையில் இருந்தால் அவருக்கு உங்களால் செலவு இல்லை, அதனாலேயே கதவு எளிதாகத் திறக்கும்.

சிக்ரி மாதிரி சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் பிஎச்.டி. பட்டத்தை அக்சிர் என்ற அவர்களுடைய சொந்த அகாடமி தருகிறது. சேர்க்கை வருடத்தில் இரண்டு முறை, ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும். விண்ணப்பத்தில் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அங்கே நேர்காணல். நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், நெட் மதிப்பெண்ணைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்ட்டைத்தான் தோண்டுவார்கள். சைக்ளிக் வோல்டாமெட்ரி செய்தேன் என்று எழுதியிருந்தால், ஒரு எலக்ட்ரான் மீள்வினைக்கு இரண்டு உச்சங்களுக்கும் இடையே சுமார் 59 மில்லிவோல்ட் வர வேண்டும், உனக்கு 110 வந்திருக்கிறதே, ஏன் என்று கேட்பார்கள். "எலக்ட்ரான் மாற்றம் மெதுவாக நடக்கிறது" என்று புத்தகப் பதில் சொன்னால், கரைசலின் மின்தடையால் இருக்கக் கூடாதா, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவாய் என்று அடுத்த கேள்வி வரும். ஸ்கேன் வேகத்தைக் கூட்டினால் இரண்டிலுமே இடைவெளி கூடும், அதனால் அது பதில் ஆகாது. பொருளின் செறிவைக் குறைத்துப் பார்க்க வேண்டும், மின்னோட்டம் குறைவதால் மின்தடையின் விளைவு சுருங்கும், மெதுவான வினையின் விளைவு அப்படியே நிற்கும். இப்படி உங்கள் புராஜெக்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஏன், எப்படிச் சோதிப்பேன் என்று இப்போதே கேட்டுப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் குறை ஒன்றும் இல்லை, மழுப்பினால்தான் குறை.

சிக்ரிதான் வேண்டும் என்பது ஊர் பக்கம் என்பதாலா, மின்வேதியியல் பிடித்ததாலா என்று யோசியுங்கள். பேட்டரி, அரிமானம், மின்முலாம் இதெல்லாம் அங்கே வலுவான துறைகள், மண்டபத்தில் கடல் அரிமானத்துக்கென்றே நிலையம் இருக்கிறது. இயற்பியல் வேதியியல் பிடிக்கும் என்றால் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஐந்து வருடத்தைத் தீர்மானிப்பது ஆய்வகத்தின் பெயரைவிட வழிகாட்டிதான். அவருடைய கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் முதல் பெயர் மாணவருடையதா என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள். அவர் வயதும் முக்கியம்: சிஎஸ்ஐஆர் விஞ்ஞானிகளுக்கு ஓய்வு வயது 60. 57 வயதுக்காரரிடம் சேர்ந்தால் நடுவில் வழிகாட்டி மாற வேண்டி வரும், யார் இணை வழிகாட்டி என்று சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் முறை ஜேஆர்எஃப் கிடைக்காவிட்டால் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சேரச் சொல்வார்கள். கருவிகளைத் தொட்டுப் பழக நல்ல இடம், ஒரு வருடம் இருக்கலாம். அதற்கு மேல் பிஎச்.டி. பதிவு இல்லாமல் இருக்காதீர்கள், அந்த வருடங்கள் ஆய்வேட்டுக் கணக்கில் வராது, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், 32 வயது மட்டும் நெருங்கிக்கொண்டே வரும்.

கடைசியாக ஒரு காகித வேலை. நீங்கள் பிசி அல்லது எம்பிசி பிரிவு என்றால் கையில் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் நெட் தேர்வுக்குச் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள், இந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் சரியான பிரிவைக் குறித்துவிட்டு இந்தச் சான்றிதழ் இல்லாமல் ஜேஆர்எஃப்பைக் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.