கார் ஏசி போட்டா ஈர நாத்தம் அடிக்குதா? நீங்க அனுப்புன கேள்விகளுக்கு என் பதில்

கார் ஏசி வேலை பாக்குறவன்ங்கறதால இந்த நாத்தம் பத்தி மட்டும் எனக்கு நிறைய கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. ஒரே மாதிரி கேள்விங்களை சேத்து எழுதுறேன், உங்க கேள்வி அப்படியே இல்லன்னாலும் பதில் இதுக்குள்ள இருக்கும்.

அண்ணா, காலைல ஏசி போட்டதும் முதல் ஒரு நிமிஷம் ஊறுன துணி மாதிரி நாத்தம் வருது, அப்புறம் போயிடுது. கூலிங் நல்லாத்தான் இருக்கு. கேஸ் கம்மியா இருக்குமா?

கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. டேஷ்போர்டுக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கு, அதுக்குள்ள அலுமினியத்துல மெல்லிசு மெல்லிசா தகடு அடுக்குன ஒரு கூலிங் காயில், அதத்தான் எவாப்பரேட்டர்ன்னு சொல்றோம். ஏசி ஓடும்போது அது பனிக்கட்டி அளவுக்கு ஜில்லுன்னு இருக்கும், அது மேல காத்து படுறப்ப காத்துல இருக்கிற ஈரம் தண்ணியாகி தகடு வழியா வழிஞ்சு கீழ தட்டுல விழுந்து, ஒரு சின்ன டிரெயின் பைப் வழியா ரோட்டுல சொட்டும். நீங்க வண்டிய ஆஃப் பண்ணதும் தகடுங்களுக்கு நடுவுல மிச்சம் இருக்கிற தண்ணி அங்கயே நிக்குது. இருட்டு, ஈரம், அதோட ஃபில்டர தாண்டி வந்த தூசி, இந்த மூணும் சேந்தா பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒரு வழவழப்பான படலமா படிஞ்சிடும், அதுல இருந்து வர்ற வாடைதான் முதல் நிமிஷத்துல உங்க மூக்குல அடிக்குது. காயில் ஜில்லானதும் புதுசா தண்ணி படிய ஆரம்பிக்கும், வாடை அடங்கிடும். ஓடிட்டே இருக்கும்போது கம்ப்ரசர் கட் ஆகுற நேரத்துல லேசா மறுபடி வருதான்னு பாருங்க, வந்தா சந்தேகமே வேணாம், நாத்தம் காயில்ல இருந்துதான்.

ஏசி ஃபில்டர் புதுசு மாத்திட்டேன், பெர்ஃப்யூமும் வச்சிருக்கேன், இன்னும் போகல.

ஃபில்டர் மாத்துனது நல்லது, பழசுல இலைத் தூளும் ஈரமும் தேங்கி அதுவே நாறும். ஆனா காயில்ல ஏற்கெனவே படிஞ்சத புது ஃபில்டர் கழுவிடாது. பெர்ஃப்யூம எடுத்துடுங்க, அது வாடைய மறைக்கிறதால உள்ள நிலைமை எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

சார், கடைல ஃபோம் கிளீனர் வாங்கி நானே அடிச்சேன். ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப பழைய நாத்தம் திரும்ப வந்துடுச்சு, பக்கத்து சீட் மேட்டும் ஈரமா இருக்கு. கிளீனர் போலியா?

கிளீனர குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்த மேட்ட பாருங்க, பதில் அங்கதான் இருக்கு. போன மாசம் அச்சு அசலா இதே நிலைமைல ஒரு வண்டி என்கிட்ட வந்துச்சு, வளைவுல திருப்புனா டேஷ்போர்டுக்குள்ள தண்ணி சலசலன்னு ஆடுற சத்தம் வேற. ஏசிய ஃபுல்லா போட்டு இருபது நிமிஷம் நிறுத்தி வச்சு கீழ குனிஞ்சு பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. புழுக்கமான நாள்ல அஞ்சு பத்து நிமிஷத்துலயே சொட்ட ஆரம்பிச்சிருக்கணும். டிரெயின் பைப் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல இருந்து கீழ்ப்பக்கமா நீட்டிட்டு இருக்கும், ரப்பர்ல விரல் தடிமன்ல. அதோட வாய்ல சேறு காஞ்சு கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு. புல்லு வெட்டுற மெஷின்ல வர்ற நைலான் நரம்பு ஒரு துண்ட எடுத்து மெதுவா ரெண்டு விரக்கடை உள்ள விட்டு சுத்துனேன், சேறு உதிந்ததும் டீ டிகாஷன் கலர்ல தண்ணி கொட்டுச்சு, கீழ வச்ச ட்ரே நிறைஞ்சு போச்சு. அந்தக் காயிலோட அடிப்பாகம் எத்தனையோ நாளா அந்தத் தண்ணிலயே ஊறிட்டு இருந்திருக்கு, அது மேல எவ்வளவு நல்ல ஃபோம் அடிச்சாலும் எப்படி நிக்கும்? கம்பி, ஸ்க்ரூ டிரைவர் மட்டும் அந்தப் பைப்ல விட்டுறாதீங்க, ஆழமா போனா காயில்ல ஓட்டை விழுந்து கேஸ் மொத்தமும் போயிடும். கம்ப்ரசர் காத்த வேகமா கீழ இருந்து அடிக்கிறதும் வேணாம், உள்ள பைப் கழண்டா அப்புறம் தண்ணி கேபினுக்குள்ளதான் விழும்.

தண்ணி போக வழி வந்ததுக்கு அப்புறம்தான் ஃபோம். எஞ்சின் ஆஃப், சாவி வெளில, புளோயர் ஆஃப். நிறைய கேன்ல உள்ள தள்ளுற கேஸ் தீப்பிடிக்கிறது, அதனால பக்கத்துல சிகரெட், சூடான ரெசிஸ்டர், ஓடுற மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது. க்ளவ் பாக்ஸ கழட்டி ஃபில்டர எடுத்துட்டு டார்ச் அடிச்சு பாத்தேன். இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க: சில வண்டில ஃபில்டர எடுத்தா நேரா காயிலோட தகடு தெரியும், சில வண்டில புளோயரோட சக்கரம்தான் தெரியும். தகடு தெரிஞ்சா அங்க இருந்தே அடிக்கலாம். சக்கரம் தெரிஞ்சா அது வழியா அடிச்சீங்கன்னா ஃபோம் மோட்டார்லயும் கனெக்டர்லயும் இறங்கி அது தனி செலவு. அந்த வண்டில சக்கரம்தான் தெரிஞ்சுது, அதனால கேன் கூட வந்த நீள டியூப கீழ டிரெயின் பைப்புல நாலு விரக்கடை, முட்டாம, மெதுவா ஏத்தி கொஞ்சம் அடிச்சு நிறுத்தி கொஞ்சம் அடிச்சு நிறுத்தி விட்டேன். மேல ஒரு ஆள் ஃபில்டர் வாய்ல டார்ச்ச பிடிச்சு பாத்துட்டே இருந்தாரு, நுரை புளோயர் பக்கம் எட்டிப் பாத்தா உடனே நிறுத்தணும். கேன்ல போட்டிருந்தபடி கால் மணி நேரம் விட்டேன். நுரை கரைஞ்சு வழிய ஆரம்பிச்சதும் முதல்ல கருப்பா, குழகுழன்னு வந்துச்சு, ரெண்டாவது தடவை அடிச்சப்ப லேசான சாம்பல் கலரு, அதோட நிறுத்திட்டேன். வழியுற தண்ணி வெளுத்தாத்தான் கழுவுனது போதும்ன்னு அர்த்தம், வாசனைய வச்சு முடிவு பண்ணாதீங்க, கிளீனரோட வாசனை எல்லாத்தையும் மூடிடும்.

கடைசியா காய வைக்கிறது. வண்டிய வெட்டவெளில நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, ஏசி பட்டன் ஆஃப்ல புளோயர முதல்ல மெதுவா, அப்புறம் ஹீட்டர ஃபுல்லா வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட விடணும். மூடுன ஷெட்டுக்குள்ள எஞ்சின ஓட்டிட்டு இத பண்ணாதீங்க, புகைல இருக்கிற விஷ வாயு உயிருக்கே ஆபத்து. எல்லாம் முடிஞ்சும் உங்க வண்டில நாத்தம் இருந்தா, ஏசியே போடாம கதவ திறந்து கார்பெட்டுகிட்ட மோந்து பாருங்க. மேட்டுக்கு கீழ இருக்கிற கனமான பஞ்சு மாதிரி லைனிங் தண்ணிய குடிச்சு வச்சுக்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் தெரியும், அத தூக்கி நல்லா உலர்ற வரைக்கும் விடணும்.

அந்த க்ளவ் பாக்ஸ் கழட்டுறது நானே பண்ணலாமா?

பண்ணலாம், பெரும்பாலான வண்டில சுலபம்தான். அந்தப் பக்கம் ஏர்பேக் இருக்கு, மஞ்சள் கலர் கனெக்டர் எத பாத்தாலும் கை வைக்காதீங்க. காயில்ல ஒரு மெல்லிசு வயர் குத்தி வச்சிருக்கும், அது டெம்பரேச்சர் சென்சார், அத இழுத்துறாதீங்க, இடம் மாறுனா காயில் ஐஸ் கட்டிடும்.

வீட்ல பிளீச்சிங் தண்ணி இருக்கு, வினிகர் இருக்கு, வீட்டு ஏசிக்கு அடிக்கிற கிளீனரும் இருக்கு. எதையாவது யூஸ் பண்ணலாமா அண்ணே?

மூணுமே வேணாம்மா. பிளீச் அலுமினியத்த அரிக்கும், அதோட ஆவி நீங்க உக்காந்து மூச்சு விடுற இடத்துக்கே வரும். பிளீச்சும் வினிகரும் சேந்தா குளோரின் வாயு வரும், ஒன்னு அடிச்ச இடத்துல இன்னொன்ன அடிக்கவே கூடாது. வீட்டு ஏசி கிளீனர்ல சிலது வெளில இருக்கிற யூனிட்ட கழுவுறதுக்குன்னே கடுமையா செஞ்சது, நிறைய தண்ணி விட்டு அலசணும், டேஷ்போர்டுக்குள்ள அப்படி அலச வழி இல்ல. தண்ணி சீக்கிரம் வழியணும்ன்னுதான் காயில் மேல மெல்லிசா ஒரு பூச்சு கொடுத்திருப்பாங்க, அது போச்சுன்னா தண்ணி இன்னும் அதிகமா தேங்கும். கார் எவாப்பரேட்டருக்குன்னு கேன்லயே எழுதியிருக்கிறத மட்டும் வாங்குங்க.

சீட்டுக்கு கீழ வச்சு அமுக்கி விட்டா புகை மாதிரி வர்ற கேன் போதாதா? பையனுக்கு வீஸிங் இருக்கு, அதனாலதான் கேக்குறேன்.

அந்தப் புகை காயில், டக்ட்ன்னு எல்லா இடத்துக்கும் போகும், உண்மைதான், ஆனா மெல்லிசா போயிட்டு வரும், படிஞ்ச அழுக்க கழுவி வெளில தள்ளாது. லேசான நாத்தம்ன்னா போதும், இல்லன்னா ஃபோம்ல கழுவுனதுக்கு அப்புறம் டக்ட்டுக்காக ஒரு தடவை விடலாம். விடும்போது வண்டிக்குள்ள யாரும் இருக்கக் கூடாது, முடிஞ்சதும் கதவெல்லாம் திறந்து வச்சு நல்லா காத்தாட விடுங்க. பையன அன்னைக்கு அந்த வண்டில ஏத்தாதீங்க, வேலைய முடிச்சு ஒரு நாள் ஓட்டி கிளீனர் வாடை சுத்தமா போனதுக்கு அப்புறம் ஏத்துங்க. ஓசோன் மெஷின் வச்சு பண்றோம்ன்னு யாராவது சொன்னா எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஓசோன் மூச்சுக்குழாய எரிக்கும், ரப்பர கெடுக்கும், படலமும் அங்கயே இருக்கும்.

மெக்கானிக் டேஷ்போர்ட கழட்டித்தான் ஆகணும்ங்கறாரு.

எடுத்த எடுப்புல அதுக்கு ஒத்துக்காதீங்க. டிரெயின் திறந்து, ரெண்டு தடவை ஃபோம் அடிச்சும் நாத்தம் மாறல, புளோயர் ஃபுல்ல வச்சாலும் காத்து கம்மியா வருது, ஃபில்டரும் புதுசு, அப்படின்னா காயில் முகத்துல அழுக்கு கம்பளி மாதிரி மூடியிருக்கு, அப்ப கழட்டுறதுதான் சரி. முடிஞ்சா சின்ன கேமராவ விட்டு அத உங்களுக்கு காட்டச் சொல்லுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி கேஸ மெஷின்ல இழுத்து எடுக்கணும், காத்துல திறந்து விடக் கூடாது, திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போட்டு, வேக்யூம் பண்ணி, கேஸ எடை போட்டு ஏத்தணும்.

எனக்கு ஈர நாத்தம் இல்ல, இனிப்பா ஒரு வாடை, முன் கண்ணாடில உள்பக்கம் எண்ணெய் மாதிரி படியுது.

அது பூஞ்சை இல்ல, ஹீட்டர் காயில்ல கூலன்ட் கசியுது. ஃபோம் அடிக்காதீங்க, கூலன்ட் அளவ பாத்துட்டு உடனே வொர்க்ஷாப் போங்க.

கழுவியாச்சு, திரும்ப வராம இருக்க என்ன பண்ணணும்?

இறங்குற இடத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டன மட்டும் ஆஃப் பண்ணுங்க, புளோயர் ஓடட்டும், ரீசர்குலேஷன எடுத்து வெளிக்காத்துல வைங்க. காயில் முழுசா காஞ்சிடாது, ஆனா தேங்குற தண்ணி நல்லா குறையும். சில வண்டில ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு புளோயர் தானா ஓடி காய வைக்கும், அத கேட்டு பயந்து ஃப்யூஸ புடுங்குனவங்க இருக்காங்க, அப்படி பண்ணிடாதீங்க. முன் கண்ணாடிக்கு கீழ இருக்கிற ஜாலில விழுற இலைய அப்பப்ப எடுங்க. அப்புறம் ஏசி போட்டு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது வண்டிக்கு கீழ ஒரு பார்வை பாருங்க, தரைல தண்ணித் திட்டு இருந்தா டிரெயின் திறந்திருக்கு, புழுக்கமான நாள்ல தரை காஞ்சு கிடந்தா அந்த வாரத்துக்குள்ள பைப்ப பாத்துடுங்க.