ஸ்கேன் செய்வதும் பின் எண்ணை இடுவதும் ஒன்றல்ல

கேள்வி: கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்த உடனேயே பணம் போய்விடுமா? பின் நம்பர் போடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கேன் செய்வதால் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வரிதான். ஒரு மளிகைக் கடையின் கோடைப் பிரித்துப் படித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=selvistores@bank&pn=SelviStores&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேரும் யுபிஐ முகவரி. `pn` என்பது பெயர். சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் பெரும்பாலும் தொகை இருக்காது, அதை நாம்தான் இடுகிறோம். பில் போடும் இடத்தில் திரையில் புதிதாக வரும் கோடில் `am` என்று தொகையும் சேர்ந்தே வரும். எப்படியிருந்தாலும் இந்த வரி உங்கள் செயலியில் ஒரு படிவத்தை நிரப்பி வைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதி, கோடாக மாற்றி, அச்சடித்துவிடலாம் என்பதுதான் கவலைக்குரியது. எனவே ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் பெயர் எதற்கும் சாட்சியாகாது. தனிநபர்களுக்கும் சிறு கடைகளுக்கும் பணம் அனுப்பும்போது, கோடில் எழுதிய பெயரைக் காட்டாமல், வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ உத்தரவிட்டு, அதற்கு 2025 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. ஆகவே நீங்கள் நம்ப வேண்டியது, ஸ்கேன் செய்தபின் உங்கள் கைப்பேசித் திரையில் வரும் பெயரைத்தான்.

எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் அக்காவிடம் ஒரு நாள் 180 ரூபாய்க்கு வாங்கிவிட்டு ஸ்கேன் செய்தபோது, எனக்குப் பழக்கமில்லாத ஓர் ஆணின் பெயர் வந்தது. கடைப் பெயருக்குப் பதிலாக உரிமையாளர் பெயரோ மகன் பெயரோ வருவது சகஜம் என்பதால், "அக்கா, இது யார் பேரு?" என்று திரையைக் காட்டிக் கேட்டேன். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லையே தம்பி" என்றார். தராசுக்குப் பக்கத்தில் இருந்த அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பியபோது, மேலே ஒரு ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் அவருடைய பழைய கோடு அப்படியே இருந்தது. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி காலையிலிருந்து பேசவே இல்லை என்றும், சார்ஜ் இல்லையென்று நினைத்துவிட்டதாகவும் அவர் சொன்னபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. பெட்டி அவருடைய கணக்கோடு இணைந்தது. வேறு கணக்குக்குப் போகும் பணத்தை அது எப்படி அறிவிக்கும்? 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவிலும் பல கடைகளில் இதே போல் இரவோடு இரவாக ஸ்டிக்கர் மாற்றப்பட்டது.

பின் எண் கேட்கும் பக்கம் வந்துவிட்டால், அதுதான் கடைசி வாசல். விரல் வைப்பதற்கு முன் அங்கே மூன்றைப் பாருங்கள்: பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு, உங்களுடைய எந்தக் கணக்கிலிருந்து. தொகையில் 240க்குப் பதில் 2400 விழுந்துவிடலாம். பெயரைப் பார்க்கும் அவசரத்தில் இதைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். "ஆட்டோபே" என்ற சொல் தென்பட்டால், நீங்கள் ஒருமுறை செலுத்தவில்லை, இனி தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுக்கிறீர்கள் என்று பொருள். காய்கறிக் கடையில் அதற்கு வேலையே இல்லை.

பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. "கூடுதலாக வாங்கிவிட்டோம், திருப்பித் தருகிறோம், இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யார் சொன்னாலும், அந்தப் பின் எண் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் உதவும்.

சிறு செலவுகளுக்கென்று செயலிக்குள் பணம் போட்டு வைக்கும் யுபிஐ லைட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 1000 ரூபாய் வரையிலான செலவுக்குப் பின் எண் கேட்காது, ஆகவே மேலே சொன்ன சோதனையைப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கைப்பேசியின் சாதாரணக் கேமராவால் கோடைப் படிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். கோடுக்குள் இணைய முகவரி இருந்தால் அது உங்களை ஏதாவது தளத்துக்கு இட்டுச் சென்று, செயலி ஒன்றை நிறுவச் சொல்லலாம். பணம் செலுத்தும் செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்தே ஸ்கேன் செய்யுங்கள்.

தவறான ஆளுக்குப் போய்விட்டால் அதை நீங்களாகவே திரும்ப இழுக்க முடியாது. பரிவர்த்தனை விவரத்தில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, செயலியிலும் வங்கியிலும் புகார் கொடுங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், ஏனெனில் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை முடக்குவது எளிது. காய்கறிக்கார அக்கா இப்போது இரவில் கடையை மூடும்போது அந்த அட்டையையும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார், காலையில் முதல் வேலையாகத் தம் மகளின் கைப்பேசியில் ஒரு ரூபாய் அனுப்பி, பெட்டி பேசுகிறதா என்று கேட்டுக்கொள்கிறார்.