சாட்பொட் உதவியை ரிப்போட்டில எங்க, எப்பிடி எழுதுறது?

கேள்வி: சேர், முல்லைத்தீவில 12 கிணத்துத் தண்ணி எடுத்து புரொஜெக்ட் ரிப்போட் எழுதுறன். வசனம் திருத்த சாட்பொட் பாவிச்சன். நன்றியுரையில போட்டா மாக்ஸ் குறைப்பினமோ? போடாம விடலாமோ?
- மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, போடத்தான் வேணும், ஆனா நன்றியுரையில இல்லை. நன்றியுரை கிணத்தடிக்கு உம்மை விட்ட வீட்டுக்காரருக்கும் லாப்பில கூட நிண்டவைக்கும். சாட்பொட் நீர் பாவிச்ச ஒரு கருவி, எந்த பிஎச் மீற்றர், எப்ப கலிபரேற் பண்ணினது எண்டு முறையியல் அத்தியாயத்தில எழுதுறீர்தானே, அதுக்குப் பக்கத்தில இதையும் எழுதும். "ஏஐ உதவி பெறப்பட்டது" எண்டு ஒரு வரி போட்டா வாசிக்கிற ஆளுக்கு ஒண்டும் விளங்காது. இப்பிடி எழுதும்:

"அத்தியாயம் 4இன் மொழிநடையைத் திருத்த ChatGPTஐப் பயன்படுத்தினேன். அளவீடுகளும் கணிப்புகளும் என்னுடையவை. திருத்திய பந்திகளை என் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டேன். உரையாடல் பின்னிணைப்பு 3இல் உள்ளது."

இதோட பாவிச்ச திகதியையும், திரையில காட்டுற மொடல் பேரையும் சேரும், ஏனெண்டா அது அடிக்கடி மாறும்.

ஆனா "மொழிநடை மட்டும்" எண்டு எழுத முதல் அது உண்மையோ எண்டு பாரும். என்னட்டப் படிச்ச ஒரு தம்பி "7ஆம் கிணத்தில கடினத்தன்மை 420" எண்டு சாட்பொட்டுக்குக் குடுத்தவர், திரும்பி வந்தது "உரப்பாவனை காரணமாக 7ஆம் கிணற்றில் கடினத்தன்மை 420 ஆக உயர்ந்துள்ளது". வசனம் வடிவா இருக்கு, ஆனா தம்பி உரத்தில இருந்து வாற நைத்திரேற்றை அளக்கவே இல்லை, கடினத்தன்மை வாறது கல்சியம், மக்னீசியத்தால, உரத்தைப் பற்றிச் சொல்ல அவரிட்ட ஒரு தரவும் இல்லை, "உயர்ந்துள்ளது" எண்டு சொல்ல முந்தின வருச அளவும் இல்லை. வைவாவில கேட்க நிண்டு முழிச்சார், எனக்கே மனம் கஷ்டமாப் போட்டுது. அது திருத்தமில்லை, புதுசாச் சேர்த்த கருத்து. அதால பழைய டிராஃப்டையும் புதுசையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு "காரணமாக", "ஆகவே", "உயர்ந்தது", புது இலக்கம் எல்லாத்துக்கும் கீழ கோடு போடும். உம்மட தரவு தாங்காததை வெட்டும்.

சாட்பொட்டிட்ட உசாத்துணை கேட்டு வாங்கியிருந்தா ஒவ்வொரு டிஓஐயையும் doi.org இல போட்டுப் பாரும், திறக்காட்டி இல்லாட்டி வேற தலைப்பு வந்தா விட்டிடும், திறந்தாலும் நீர் வாசிச்சதை மட்டும் போடும். தேடினதும் அதாலதான் எண்டா முறையியலில அதையும் எழுதும்.

மாக்ஸ் விசயம் உங்கட டிபார்ட்மென்ட் விதியில இருக்கு, சுப்பவைசரிட்ட இப்பவே கேளும், பாவிக்கவே கூடாது எண்ட இடத்தில எழுதிப்போட்டதால மட்டும் அது சரியாகாது.

உரையாடல் அழிஞ்சு போச்செண்டா திரும்பக் கேட்டு உண்டாக்காதேயும், அதே கேள்விக்கு அது வேற பதில் தரும். அழிஞ்சது எண்டே பின்னிணைப்பில எழுதி, உம்மட முதல் டிராஃப்டை வையும்.