லிப்ஸ்டிக் கோடு தாண்டினால் எந்த லைனர் வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 54. அடர் மெரூன் நிறத்தில் க்ரீம் வகை லிப்ஸ்டிக் போடுவது வழக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் மேலுதட்டுக்கு மேலே உள்ள மெல்லிய சுருக்கங்களில் சாயம் நூல் நூலாக ஏறிவிடுகிறது. கடையில் கேட்டதற்கு அடர் பழுப்பு லிப் லைனர் ஒன்றைக் கொடுத்தார்கள். நூல் நிற்கவில்லை. சாப்பிட்டு எழுந்தால் உதட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் வேறு மிஞ்சுகிறது. எந்த நிறத்தில், எந்த வகையில் வாங்க வேண்டும்?

பதில்: அடுத்த முறை அந்த நூல்கள் தெரியும்போது துடைப்பதற்கு முன் கண்ணாடிக்கு அருகே போய் அவற்றின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் கசிவது லைனரே. அந்தப் பென்சிலைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். மெரூனாக இருந்தால் லைனர் தன் இடத்தில் நிற்கிறது, லிப்ஸ்டிக் அதன் மேலாகவோ இடைவெளி வழியாகவோ தாண்டுகிறது. இது தெரியாமல் இன்னொரு பென்சில் வாங்குவது வீண் செலவு.

க்ரீம் லிப்ஸ்டிக்கில் மெழுகைவிட எண்ணெய்தான் அதிகம், பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய். அந்த எண்ணெய் உதட்டின் சூட்டில் இன்னும் இளகுகிறது. உதட்டு விளிம்பில் செங்குத்தாக ஓடும் சுருக்கங்கள், விளக்குத் திரியைப் போல அதை மேலே இழுத்துக்கொள்கின்றன. நிறமியும் எண்ணெயோடு சேர்ந்து பயணம் செய்கிறது. வயதாக ஆகச் சுருக்கம் ஆழமாவதால் இருபது வயதில் நன்றாக நின்ற அதே லிப்ஸ்டிக் ஐம்பதில் நிற்பதில்லை. ஆகவே விளிம்பில் போடும் கோட்டில் எண்ணெய் குறைவாகவும், அது இறுகி நிற்பதாகவும் இருக்க வேண்டும். தடுப்பது பென்சிலின் கலவை. நிறத்துக்கு அதில் பங்கே இல்லை. கடைகளில் லைனர்களை நிறவாரியாக மட்டும் அடுக்கி வைப்பதால் வாங்குபவரும் நிறத்தை மட்டுமே பார்க்கிறார். என் முதல் வருத்தம் அதுதான்.

கலவையில் மூன்று வகை உண்டு. முதலாவது, கையில் தொட்டதும் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும் பென்சில். போடச் சுகமாக இருக்கும், விற்பனையாளருக்கும் காட்டச் சுலபம். ஆனால் அந்த வழுக்கலைத் தருவது எண்ணெய்தான் என்பதால் அதுவே சுருக்கத்தில் ஏறிவிடும். இரண்டாவது, மர உறையில் வரும் பழைய பாணிக் கெட்டிப் பென்சில். இதில் மெழுகு அதிகம். கார்னௌபா போன்ற கடின மெழுகு உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், தேன்மெழுகோ 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். எனவே கடின மெழுகு கூடுதலாக உள்ள பென்சில் உதட்டில் அதிகம் இளகாது. காய்ந்த உதட்டில் சற்று இழுக்கும் என்பதே குறை. மூன்றாவது, நீண்ட நேரம் நிற்கும் ஜெல் வகை. அதில் ஆவியாகிவிடும் ஒரு திரவத்தில் பிசின் கரைந்திருக்கிறது. போட்ட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்தில் திரவம் பறந்துவிட, மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். உங்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதை.

அட்டைப் பெட்டியில் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான நாடுகளில் அதிக அளவில் உள்ள பொருள் முதலில் வரும். முதல் சில பெயர்களுக்குள் ஐசோடோடெகேன், ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் என்பவை இருந்தால் அது இறுகும் வகை. ஆமணக்கெண்ணெயோ வேறு தாவர எண்ணெயோ வெண்ணெயோ முதலிடத்தில் நின்றால் அது வழுக்கும் வகை. மேல் உறையில் ‘நாள் முழுதும்’ என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சிறிய எழுத்துப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

பட்டியல் படிக்கப் பிடிக்காவிட்டால் கடையிலேயே சோதிக்கலாம். உங்கள் லிப்ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோங்கள். புறங்கையில் மெல்லிய சுருக்கக் கோடுகள் இருக்கும் இடத்தில், அவற்றுக்குக் குறுக்காக லைனரால் ஓர் அங்குல நீளம் கோடு போடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து விரலால் ஒருமுறை தேயுங்கள். கோடு முழுவதும் மங்கிப் பரவினால் அங்கேயே வைத்துவிடலாம். நின்றால், கோட்டின் ஒரு பக்கம் ஒட்டினாற்போல லிப்ஸ்டிக்கைத் தடிப்பாகத் தடவிவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபக்கச் சுருக்கங்களைப் பாருங்கள். அங்கே மெரூன் எட்டிப் பார்த்தால் அந்தப் பென்சில் உங்களுக்கு உதவாது. மாதிரிக்கு வைத்திருக்கும் பென்சிலை மட்டும் உதட்டில் வைக்காதீர்கள். முன்பு யார் வைத்தார்களோ தெரியாது, உதட்டுக் கொப்புளம் தொற்றக்கூடியது.

இனி நிறத்துக்கு வரலாம். பழுப்பு வளையம் வந்ததற்குக் காரணம் எளிது. சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் உதட்டின் நடுவில் உள்ள லிப்ஸ்டிக் முதலில் போகிறது. விளிம்பில் உள்ள லைனர் அப்படியே நிற்கிறது. இரண்டும் வேறு வேறு நிறமானால் வளையம் தெரியாமல் என்ன செய்யும்? அடர் பழுப்பை யாருக்கும் பொதுவாகப் பொருந்தும் நிறம் என்று விற்பது எனக்கு ஒப்புதலில்லை. மெரூனுக்கு அது கண்டிப்பாகச் சேராது.

நிறம் பொருத்த ஒரு வழி: லிப்ஸ்டிக்கைப் புறங்கையில் தடவி, டிஷ்யூ காகிதத்தை வைத்து இரண்டு முறை அழுத்தி எடுங்கள். பளபளப்பு போய், பதிந்த சாயம் மட்டும் மிஞ்சும். அதன் பக்கத்தில் லைனரைப் போட்டுப் பாருங்கள். புதிதாகத் தடவிய லிப்ஸ்டிக்கோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அதன் மினுமினுப்பு நிறத்தை மாற்றிக் காட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உதட்டில் இருக்கப்போவது அழுத்தி எடுத்த பிறகு மிஞ்சிய நிறம்தான். இந்தப் பார்வையைக் கடை விளக்கில் முடிக்க வேண்டாம், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியாகப் பொருந்தும் நிறம் கிடைக்காவிட்டால் அரைப்படி வெளிறியதை எடுங்கள், அடர்ந்ததை விட்டுவிடுங்கள். வெளிறியதை லிப்ஸ்டிக் மூடிவிடும். மெரூனிலும் நீலம் கலந்தது, செம்மண் சாயல் கலந்தது என இரண்டு உண்டு. நீலச் சாயல் மெரூனுக்குப் பக்கத்தில் செம்மண் சாயல் லைனர் வைத்தால் ஆழம் ஒத்தும் விளிம்பு தனியாகத் தெரியும்.

வாங்கியதைப் போடும் விதமும் கொஞ்சம் மாற வேண்டும். நூல்கள் மெரூனாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அடியில் லிப் பாம் இருந்தால் எந்த லைனரும் பிடிக்காது. அதைக் கால் மணி நேரம் முன்பே போட்டு, நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். உதட்டைச் சுற்றிய தோலில் க்ரீமோ ஃபவுண்டேஷனோ ஈரமாக இருந்தால் மெல்லப் பவுடர் ஒற்றுங்கள். லைனரைச் சிறு சிறு கோடுகளாக விளிம்பின் மேலேயே இடைவெளியின்றிப் போடுங்கள், வாயோரங்களை மறக்காதீர்கள். பிறகு அதே பென்சிலால் உதடு முழுவதையும் மெல்ல நிரப்புங்கள். இப்படிச் செய்தால் நடுவில் லிப்ஸ்டிக் போனாலும் அடியில் அதே நிறம் இருக்கும், வளையத்துக்கு வழியில்லை. ஜெல் வகை இறுகிவிட்டால் திருத்த முடியாது என்பதால் முதலில் மேலுதட்டை முடித்துவிட்டுக் கீழுதட்டுக்குப் போங்கள். ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி காத்திருந்து, லிப்ஸ்டிக்கை மெல்லிய பூச்சாகப் போட்டு ஒற்றி, இரண்டாவது பூச்சை விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் ஒரு வரம்பு உண்டு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் எந்தப் படலமும் தளரும். அப்போது மீண்டும் தொட வேண்டியதுதான். சுருக்கம் ஆழமாக இருந்து, லிப்ஸ்டிக் பளபளவென்று ஈரமாக இருந்தால், லைனரை மாற்றுவதைவிட அதே மெரூனில் மேட் வகை லிப்ஸ்டிக்குக்கு மாறுவதே மலிவான தீர்வு.

கேள்வி: நிறமில்லாத லைனர் ஒன்று வாங்கினால் என்னிடம் உள்ள எல்லா லிப்ஸ்டிக்குக்கும் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கசிவைத் தடுக்கும் வேலைக்கு மட்டும் என்றால் உண்மை. அதை உதட்டின் மேல் போடக் கூடாது, விளிம்புக்கு வெளியே, தோலில், லிப்ஸ்டிக்குக்கு முன் போட வேண்டும். வளையம் வராது, நிறம் பொருத்தும் தலைவலியும் இல்லை. ஆனால் உதட்டுக்கு வடிவமோ, லிப்ஸ்டிக்குக்குப் பிடிப்போ தராது. போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாததால் இடைவெளி விழுவதும் சகஜம். பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று போட்டால் அதன் மினுக்கத்தை வைத்துக் கோடு முழுமையாக விழுந்ததா என்று அறியலாம். பல நிற லிப்ஸ்டிக் வைத்திருப்பவருக்கு இது நல்ல கொள்முதல். ஒரே நிறத்தை அன்றாடம் போடுபவர் நிறமுள்ளதையே வாங்கலாம்.

கேள்வி: முனை சீவும் பென்சில் நல்லதா, திருகும் பென்சிலா? சீவும்போது முனை உடைந்துகொண்டே இருக்கிறது.

பதில்: கெட்டி மெழுகு வகை என்றால் சீவும் பென்சில், சுருக்கத்தை அடைக்கக் கூர்மையான முனை வேண்டும், ஒவ்வொரு முறையும் சுத்தமான முனையும் கிடைக்கும். சீவுவதற்கு முன் பத்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உடையாது. ஜெல் வகை பெரும்பாலும் திருகும் உறையிலேயே வரும்; காற்றுப் புகாத மூடி அதற்குத் தேவை. வாங்கும்போது மூடி ‘டக்’கென்று இறுக மூடுகிறதா என்று பாருங்கள். தளர்ந்த மூடியென்றால் உள்ளிருக்கும் திரவம் பறந்து, சில வாரங்களில் பென்சில் கட்டையாகி உதட்டைக் கீறத் தொடங்கும்.

கேள்வி: கண்ணுக்கு வரையும் பழுப்புப் பென்சிலையே உதட்டுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். உதட்டில் போடுவதில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகிறது. கண்ணைச் சுற்றிப் பூச அனுமதிக்கப்பட்ட சில நிறமிகளை உதட்டுக்கு அனுமதிக்காத நாடுகள் உண்டு. உறையில் உதட்டுக்கானது என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.