அட்டவணை 810 என்கிறது, பேனல் 850 காட்டுகிறது: எது சரி?

கேள்வி: ஓசூரில் கியர் ஹார்டனிங் உலையைப் பார்த்துக்கொள்கிறேன். கே வகை தெர்மோகப்பிள். பேனல் 850 டிகிரி காட்டுகிறது. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 33.70 மில்லிவோல்ட்தான், அட்டவணைப்படி அது 810 டிகிரி. கண்ட்ரோலரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கழற்றும்போது டெர்மினல் பக்கத்தில் எவ்வளவு சூடு இருந்தது என்பதை முதலில் அளந்து பாருங்கள். தெர்மோகப்பிள் தரும் மின்னழுத்தம், உலைக்குள் இருக்கும் முனைக்கும் பேனலில் ஒயர் முடியும் முனைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அட்டவணையோ, இந்தக் குளிர்முனை 0 டிகிரியில் இருப்பதாகக் கொண்டு போடப்பட்டது. ஓசூர் குளிர்ச்சியான ஊர்தான் என்றாலும், உலையை ஒட்டி மூடிக் கிடக்கும் பேனலுக்குள் 40 டிகிரி இருப்பது சாதாரணம்.

அப்படி 40 டிகிரி இருந்தால், அட்டவணையில் கே வகைக்கு 40 டிகிரிக்கு நேரே உள்ள 1.61 மில்லிவோல்ட்டை நீங்கள் அளந்த 33.70 உடன் கூட்டுங்கள். வருவது 35.31; அதற்கு நேரே இருப்பது 850 டிகிரி. கண்ட்ரோலரும் தன் டெர்மினல் அருகே உள்ள சிறு சென்சாரை வைத்து இதே கணக்கைத்தான் போடுகிறது.

810 உடன் 40-ஐ நேராகக் கூட்டினாலும் 850 வருகிறதே என்று தோன்றும். கே வகையில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால்தான் அது பொருந்துகிறது. பிளாட்டினம் கலந்த எஸ் வகையில், உலை 1000 டிகிரியில் இருந்து டெர்மினல் 40-ல் இருந்தால், மீட்டர் காட்டும் 9.35 மில்லிவோல்ட்டுக்கு அட்டவணை ஏறக்குறைய 980 என்று சொல்லும். அதனுடன் 40 கூட்டினால் 1020 ஆகி, 20 டிகிரி தவறிவிடும். ஆகவே எந்த வகையானாலும் மில்லிவோல்ட்டையே கூட்டுங்கள், டிகிரியைக் கூட்டாதீர்கள்.

கண்ட்ரோலரைச் சோதிக்க, தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு டெர்மினல்களையும் ஒரு துண்டு செம்பு ஒயரால் இணையுங்கள். நல்ல கண்ட்ரோலர் தன் டெர்மினலின் வெப்பநிலையை, உங்கள் பேனலில் ஏறக்குறைய 40-ஐ, காட்டும். பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் 40 சொல்ல இது 28 காட்டினால், அந்தச் சிறு சென்சார் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் அகப்படாத கோளாறு ஒன்று உண்டு. உலைச் சுவரில் தெர்மோகப்பிள் வெளியே முடியும் ஹெட்டிலிருந்து பேனல் வரை, தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் காம்பென்சேட்டிங் கேபிளுக்குப் பதில் யாராவது சாதாரணச் செம்பு ஒயரை இழுத்திருந்தால், குளிர்முனை ஹெட்டுக்கே போய்விடும். ஹெட் 75, பேனல் 40 என்றால், பேனல் 35 டிகிரி குறைவாகக் காட்டும். நீங்கள் 850 என்று நினைத்து ஓட்டும் உலை உண்மையில் 885-ல் இருக்கும். காலையில் உலையை மூட்டும்போது சரியாக இருந்து, சுவர் சூடாகச் சூடாகப் பிழை வளர்ந்தால், முதலில் அந்தக் கேபிளைப் பாருங்கள்.