கூண்டின் கதவைச் சாத்துவது எப்படி? நாய்க்குட்டி வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒன்பது வாரக் குட்டி. கதவு திறந்திருந்தால் தானாகவே கூண்டுக்குள் போகிறது, சாத்தினால் கத்துகிறது.

பதில்: குட்டிக்குக் கூண்டு பழகிவிட்டது, கதவுதான் பழகவில்லை. உணவுக் கிண்ணத்தைக் கூண்டின் உட்கோடியில் வைத்து, அது சாப்பிடத் தொடங்கியதும் ஓசையின்றிச் சாத்தி, கடைசி வாய் உணவை விழுங்கும் முன்பே திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்குப் பிறகு, சாப்பிட்டு முடித்தபின் 10 நொடி, அடுத்து 20, 30 என நீட்டலாம். அதுவரை நீங்கள் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் அதை முன்னரே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அழும்போது திறந்தால், அழுதே காரியம் சாதிக்கக் கற்றுக்கொள்ளும். எவ்வளவு கத்தினாலும் கண்டுகொள்ளக் கூடாது, சரிதானே?

பதில்: பாதி சரி. ஓரிரு நிமிடம் முனகி, முனகல் தானாகத் தணிந்துவந்தால் காத்திருக்கலாம். குரல் ஏறிக்கொண்டே போய், எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்தால் அது பிடிவாதமன்று, அச்சம். அப்போது விட்டுவைத்தால் அந்த அச்சம் கூண்டோடு ஒட்டிக்கொள்ளும். நள்ளிரவில் தூங்கி எழுந்து அழுதால், சிறுநீர் கழிக்க வெளியே தூக்கிச் சென்று, கொஞ்சாமல், விளையாடாமல் திரும்பப் படுக்க வையுங்கள். மெல்லிய முனகலுக்குக் குரல் கொடுக்கலாமா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்தில்லை, நான் கொடுப்பேன்.

கேள்வி: செருப்பைக் கடித்தால் ஐந்து நிமிடம் உள்ளே அடைக்கிறேன். கடிப்பது குறையவே இல்லை.

பதில்: குறையாது. செருப்பையும் கூண்டையும் குட்டி முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் கோபக் குரலையும் சாத்தப்படும் கதவையும்தான் சேர்த்துப் பார்க்கிறது. செருப்பை எட்டாத இடத்தில் வைத்து, கடிக்க வேறொன்று கொடுங்கள். களைத்துப்போய்க் கடிக்கும் குட்டிக்கு ஓய்வு தேவைதான், ஆனால் உணவுத்துண்டு ஒன்றை உள்ளே போட்டு, அது தன் காலால் நடந்துபோகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு வயது நாய் கூண்டை விட்டு வருவதேயில்லை. இன்னும் பெரிய கூண்டு வாங்கலாமா?

பதில்: இங்கே பேச்சு குட்டிகளைப் பற்றியது. இருந்தாலும், தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் முடிந்தால் போதும். குட்டிக்கோ பெரிய கூண்டே தொல்லை. ஒரு மூலையில் படுத்து மறு மூலையை அசுத்தமாக்கும். நடுவே தடுப்புப் பலகை வைத்து, அது வளர வளர நகர்த்த வேண்டும்.

கேள்வி: வேலைக்குப் போனால் திரும்ப எட்டு மணி நேரமாகும். மூன்று மாதக் குட்டி உள்ளே இருக்குமா?

பதில்: இருக்கக் கூடாது. வயது மாதங்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரமே, அதாவது உங்கள் குட்டிக்கு நான்கே, பகலில் சிறுநீரை அடக்குவதற்கான உச்ச வரம்பு. அதையும் எட்டவிடாமல் இடையில் ஒருவர் வந்து வெளியே விடட்டும்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். 30 நொடி அமைதியாக இருந்தது. 40 நொடி என்று வைத்து, இடையில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன், உடனே பிறாண்டியது.

பதில்: நேரத்தை நீட்டியதோடு நீங்களும் விலகிவிட்டீர்கள், இரண்டையும் ஒரே வேளையில் மாற்றியதுதான் பிழை. 15 நொடிக்குத் திரும்பி, இருந்த இடத்தில் எழுந்து நின்று மட்டும் பாருங்கள். அதற்கு அசையாமல் படுத்திருந்தால், அடுத்த வேளை ஓரடி தள்ளிப் போகலாம்.