வரவேற்புரைக்கு ஒரு நிமிடம் போதும்

"ஐயா, எனக்கு 15 வயது. அடுத்த மாதம் ஏற்காட்டில் என் தங்கைக்குக் காதணி விழா. வரவேற்புரை நான்தான் பேச வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மைக்கைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. சேலத்தில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறாராம். வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. இப்படி எழுதிக் கொடுப்பவர்கள் பலரிடம் இருப்பது ஒரே உரை. பெயரை மட்டும் மாற்றுவார்கள். எங்கள் உறவில் ஒரு காதுகுத்துக்கு அப்படி வாங்கிய தாளில் 'மணமக்களை வாழ்த்த வந்திருக்கும்' என்ற வரி அப்படியே கிடந்தது. பையன் அதையும் படித்துவிட்டான். மண்டபமே சிரித்தது. அப்புறம் அவன் மைக் பக்கமே போகவில்லை.

இதை வைத்துக்கொள்:

"எல்லோருக்கும் வணக்கம்.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருக்கிறீர்கள்.
தலை சுற்றினால் முதலில் ஒரு காபி குடியுங்கள்.
இன்று என் தங்கைக்குக் காது குத்துகிறோம்.
அவளை மடியில் வைத்துக்கொள்ள மாமா வந்திருக்கிறார். மாமா, வாங்க.
அவள் அழுதால் சமாதானப்படுத்த நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.
எங்கள் குடும்பத்தின் சார்பில் உங்களை வரவேற்கிறேன்.
இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும். நன்றி."

வேறு யாரையும் தனியாகச் சொல்லி வரவேற்காதே. பெரியப்பாவைச் சொல்லிச் சித்தப்பாவை விட்டால் அந்தக் குறை வருஷக்கணக்கில் பேசப்படும். தாய்மாமனுக்கு மட்டும் விலக்கு. சீர் கொண்டு வருபவர் அவர், குழந்தை உட்காருவது அவர் மடியில். அவரை விட்டால்தான் தப்பு. இரண்டு மாமா இருந்தால் 'மாமாக்கள்' என்று சொல்; மடி யாருடையது என்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொந்த மாமா இல்லாமல் ஒன்றுவிட்ட மாமா உட்கார்ந்தாலும் 'மாமா' என்றே சொல். 'ஒன்றுவிட்ட' என்ற சொல் வாயில் வரவே கூடாது. அவர் வண்டி இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தால், அவர் வந்து சேரும்வரை மேடை ஏறாதே.

மனப்பாடம் செய்யாதே. ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் வராது. பேச்சுப்போட்டியில் தாளைப் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக் குறைத்தே பிள்ளைகளை ஒப்பிக்கப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை வருஷம் சொன்னாலும் பள்ளிகள் மாறுவதாக இல்லை. இது போட்டி இல்லை. தபால் அட்டை அளவு அட்டையில், வரிக்கு வரி இடம் விட்டுப் பெரிய எழுத்தில் எழுது. ஒரு வரியைப் பார், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சொல், அப்புறம் அடுத்த வரி.

பயத்தில் மூச்சைப் பிடித்து வைத்தாலும் தொண்டை அடைக்கும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடி. மூச்சை ஒருமுறை முழுதாக வெளியே விட்டு, இழுத்து, 'எல்லோருக்கும் வணக்கம்' என்று சொல்லி நிறுத்து. கூட்டத்தில் பத்துப் பேராவது திருப்பி வணக்கம் சொல்வார்கள். அந்த இடைவெளியில் இன்னொரு மூச்சு எடுத்துக்கொள்.

வீட்டில் நான்கு தடவை சத்தமாகப் படித்துப் பார். 'கொண்டை ஊசி' நாக்கில் இடறினால் 'இருபது வளைவும்' என்று மாற்றிக்கொள். ஏற்காட்டுக்கு வந்தவர்களுக்கு அது போதும், புரியும்.